கிஸ்தி கட்டியவரும் நிலத்துக்கு உரியவரும்



பெரம்பலூர், அரியலூர் பக்கத்தில் அண்ணன் தம்பிக்குள் நிலத் தகராறு என்று வழக்கறிஞரைத் தேடி வருகிறவர் ஒரு கட்டுக் காகிதத்தோடுதான் வருவார். பட்டா, சிட்டா நகல், சில வருடத்து அடங்கல், ரப்பர் போட்டுச் சுற்றிய கிஸ்தி ரசீதுகள் எல்லாம் அதில் இருக்கும். "முப்பது வருசமா கிஸ்தி கட்டுறது நாங்க. பட்டா எங்க பேர்ல. அப்புறம் அத்தை மகனுக்கு இதுல என்ன பாத்தியதை?" என்று கேட்பார். அவர் பொய் சொல்லவில்லை. அந்தக் காகிதங்களும் பொய்யில்லை. ஆனால் அவை சொல்லும் செய்தி ஒன்று. அவற்றை வைத்து அவர் கோருவது வேறொன்று. இந்த வேறுபாட்டைத்தான் இன்று ஒரே ஒரு குடும்பத்தின் வழக்கை எடுத்துக்கொண்டு விளக்க விரும்புகிறேன்.

முதலில் இந்தப் பதிவேடுகள் எதற்காகப் பிறந்தன என்று பார்க்க வேண்டும். ரயத்துவாரி முறையில் சர்க்காருக்கும் குடியானவனுக்கும் இடையே நேரடிக் கணக்கு. எந்தச் சர்வே எண், எவ்வளவு பரப்பு, என்ன தீர்வை, அதை யாரிடம் வசூலிப்பது என்பவைதான் அந்தக் கணக்கின் கேள்விகள். பட்டாவில் ஒரு பெயர் எழுதப்பட்டது வசூலுக்காக. அந்தப் பெயருக்குரியவர் நிலத்தை விலைக்கு வாங்கினாரா, அப்பனிடமிருந்து பெற்றாரா, கூடப் பிறந்தவர்களின் பங்கையும் சேர்த்து உழுகிறாரா என்பதை விசாரித்து முடிவு கட்டும் வேலை கர்ணத்துக்கும் இல்லை, தாசில்தாருக்கும் இல்லை.

இதை லண்டன் பிரிவி கவுன்சில் 1926-லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. அயோத்திப் பகுதியிலிருந்து போன நிர்மான் சிங் வழக்கு அது. பெயர் மாற்ற விசாரணையை உரிமையைத் தீர்மானிக்கும் நீதி விசாரணையாக நினைப்பதே தவறு. போட்டியிடுகிறவர்களில் யாரிடம் நிலத்தை விட்டால் வரி ஒழுங்காக வந்து சேரும் என்று சர்க்கார் தன் நலனுக்காகப் பார்க்கும் வரி விசாரணை அது என்று தீர்ப்பில் விளக்கியிருக்கிறார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு உச்ச நீதிமன்றம் பல முறை அதே வழியில்தான் நடந்திருக்கிறது. 1996-இல் சவர்ணி எதிர் இந்தர் கவுர் வழக்கிலும், 1997-இல் பல்வந்த் சிங் எதிர் தௌலத் சிங் வழக்கிலும், வருவாய்ப் பதிவில் பெயர் மாறுவதால் ஒருவருக்கு உரிமை பிறப்பதும் இல்லை, இன்னொருவருக்கு இருந்த உரிமை அழிவதும் இல்லை என்று தீர்ப்பு வந்தது. 2021-இல் ஜிதேந்திர சிங் வழக்கிலும் இதையே திரும்பச் சொன்னார்கள்.

தமிழ்நாட்டுச் சட்டமும் இதற்கு மாறாக இல்லை. 1983-ஆம் ஆண்டு பட்டா பாஸ்புத்தகச் சட்டம், பாஸ்புத்தகப் பதிவைச் சரியானது என்று அனுமானிக்கச் சொல்கிறது. ஆனால் மாறாக நிரூபிக்கும் வரைதான் அந்த அனுமானம். பதிவால் பாதிக்கப்பட்டவர் உரிமையியல் நீதிமன்றத்தில் விளம்புகை கேட்டு வழக்குப் போடலாம், தீர்ப்பு எப்படியோ அப்படிப் பதிவைத் திருத்த வேண்டும் என்று அதே சட்டத்தின் 14-ஆம் பிரிவு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. அதன் கீழ் வந்த 1987-ஆம் ஆண்டு விதிகள், உரிமைத் தகராறு எழுந்தால் நீதிமன்றத்துக்குப் போய் முடிவு வாங்கி வரும்படி தாசில்தார் சொல்ல வேண்டும் என்கின்றன. 2011-இல் விஷ்வாஸ் புட்வேர் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் இதை அழுத்தமாகச் சொன்னது. ஜமீன் ஒழிப்பில் வந்த பட்டாவுக்கும் இந்த வரம்பு உண்டு. உடையார்பாளையம் ஜமீன் இருந்த இந்தப் பகுதிக்கு அது முக்கியம். 1948-ஆம் ஆண்டு எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தின்படி செட்டில்மென்ட் அதிகாரி கொடுத்த ரயத்துவாரி பட்டா, உரிமைக் கேள்வியில் உரிமையியல் நீதிமன்றத்தின் கையைக் கட்டாது என்று 1985-இல் ராமலிங்க சாமிகள் மடம் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்தது.

சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும் குடும்பங்கள் ஏன் இதில் சிக்குகின்றன? அதைப் பார்க்க ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். இது எந்த ஒரு குடும்பத்தின் கதையும் இல்லை. நம் நீதிமன்றங்களுக்கு வரும் பல வழக்குகளின் பொது உருவம்.

வேப்பந்தட்டை வட்டத்தில் ஆறு ஏக்கர் புன்செய். பெரியவர் 1958-இல் பதிவுக் கிரயம் வாங்கியது. அவருடைய சொந்தச் சம்பாத்தியம். அவர் 1983-இல் உயில் எழுதாமல் காலமாகிறார். மனைவி, இரண்டு மகன்கள், இரண்டு மகள்கள். மூத்தவர் ஊரிலேயே இருந்து பருத்தியும் மக்காச்சோளமும் போடுகிறார். இளையவர் திருப்பூருக்குப் பனியன் வேலைக்குப் போய்விட்டார். ஒரு மகளைச் செந்துறைப் பக்கமும் இன்னொருவரைத் துறையூர்ப் பக்கமும் கட்டிக்கொடுத்தாயிற்று. அந்தச் சமயத்தில்தான் யூ.டி.ஆர். என்று எல்லாரும் சொல்லும் நில உடைமைப் பதிவேடு மேம்பாட்டு வேலை ஊர் ஊராக நடக்கிறது. 1979-இல் தொடங்கிய வேலை அது. நிலத்தில் நின்றவர் மூத்தவர். கேட்டவர்களுக்குப் பதில் சொன்னவரும் அவர்தான். பட்டா அவர் ஒருவர் பெயரில் வந்துவிட்டது. அம்மா 1996-இல் காலமானார். மூத்தவர் 2012-இல் போனார். அவர் மகன் வாரிசுச் சான்று கொடுத்துப் பட்டாவைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டார். கொஞ்ச நாளில் சுண்ணாம்புக்கல்லுக்காக நிலம் கேட்டு ஆட்கள் வருகிறார்கள். ஏக்கர் விலை ஏறுகிறது. அத்தைமாரும் சித்தப்பாவும் பங்கு கேட்கிறார்கள்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, சொந்தச் சொத்தோடு உயில் இல்லாமல் இறந்தவரின் மனைவி, மகன்கள், மகள்கள் எல்லாருக்கும் சம பங்கு. ஆகவே 1983-இல் பெரியவர் கண்ணை மூடிய அன்றே ஆறு ஏக்கரும் ஐந்து பங்காகிவிட்டது. ஆளுக்கு ஒரு ஏக்கர் இருபது சென்ட். 1996-இல் அம்மாவின் ஒரு ஏக்கர் இருபது சென்ட் நான்கு பிள்ளைகளுக்கும் போகிறது. ஆளுக்கு முப்பது சென்ட். ஆக நான்கு பேருக்கும் ஒன்றரை ஏக்கர் வீதம். இந்த உரிமைக்கு எந்த அலுவலகத்திலும் மனுப் போட வேண்டியதில்லை. இறப்பு ஒன்றே அதைக் கொண்டுவந்து சேர்த்துவிடும். பட்டாவில் பெயர் ஏறாததால் அது குறையாது.

இனி மூத்தவர் மகன் கொண்டுவந்த கட்டைப் பிரிப்போம். கிஸ்தி ரசீதுகளைப் பசலி வாரியாக அடுக்க வேண்டும். பசலி ஜூலை முதல் தேதி தொடங்கி ஜூன் 30-இல் முடிவது. ஆங்கில ஆண்டிலிருந்து 590 கழித்தால் அந்த ஜூலையில் தொடங்கும் பசலி கிடைக்கும். அடுக்கிப் பார்த்தால் பல கட்டுகளில் ஒரு விஷயம் தெரியவரும். பழைய ரசீதுகள் பெரியவர் பெயரிலேயே இருக்கும், அவர் இறந்து பல வருடங்களுக்குப் பிறகும். பணத்தைக் கட்டியவர் மகன், ரசீது அப்பா பெயரில். இது மூத்தவருக்குச் சாதகமான சான்று இல்லை. நிலம் அப்பாவுடையது, அவர் வழியாகத்தான் இவரிடம் வந்தது என்பதை இவர் கட்டே ஒப்புக்கொள்கிறது.

இன்னொன்றும் பார்ப்பேன். ரசீதுகளின் தேதியும் வரிசை எண்ணும். பத்துப் பசலிக்கும் பத்து ரசீது இருக்கும். ஆனால் எல்லாம் ஒரே புத்தகத்தில் அடுத்தடுத்த எண், ஒரே நாள் தேதி. வழக்கறிஞர் நோட்டீஸ் வந்த பிறகு பாக்கியை மொத்தமாகக் கட்டி வாங்கியவை. அடங்கலிலும் இதைப் போல ஒன்று உண்டு. பயிர்ப் பதிவு வருடா வருடம் நிலத்தைப் பார்த்து எழுத வேண்டியது. போன பசலியைப் பார்த்து எழுதிய அடங்கல் என்றால், கிணறு வற்றித் தரிசாய்க் கிடந்த வருடத்திலும் பருத்தி என்றே இருக்கும். குறுக்கு விசாரணையில் இதைக் கேட்டால் பதில் வராது. நீண்ட காலம், வருடம் தவறாமல், உரிய காலத்தில் கட்டிய ரசீதுக்குத்தான் மதிப்பு. அந்த மதிப்பும் சுவாதீனத்துக்குத்தான்.

அந்த மதிப்பு சிறியதில்லை என்பதையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் சொல்வது பாதி உண்மையாகிவிடும். நம் பக்கத்து மானாவாரி நிலங்களில் பலவற்றுக்குப் பத்திரமே கிடையாது. தலைமுறை தலைமுறையாக உழுது வந்ததுதான் மூலம். அப்படிப்பட்ட நிலத்தில் ஒரு வெளியாள் வந்து வரப்பை வெட்டினால், பட்டாவும் அடங்கலும் கிஸ்தி ரசீதும் உங்களைக் காப்பாற்றும். சுவாதீனத்தில் இருப்பவர் உரியவர் இல்லை என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும் என்பது சாட்சியச் சட்டத்தின் பழைய 110-ஆம் பிரிவு. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்திலும் அது தொடர்கிறது. இருவரிடமும் பத்திரம் இல்லாத இடத்தில் இந்த அனுமானத்தை வைத்தே வழக்கு ஜெயித்தவர்கள் உண்டு.

ஆனால் எதிரே நிற்பது உடன்பிறந்தவர் என்றால் அந்த அனுமானத்துக்கு வேலை இல்லை. காரணம் இதுதான்: கூட்டுரிமையாளர்களில் ஒருவர் நிலத்தில் இருந்தால் சட்டத்தின் கண்ணில் எல்லாரும் இருப்பதாகவே பொருள். அண்ணன் ஏர் பூட்டியது தங்கைக்காகவும்தான். அவர் கட்டிய கிஸ்தி எல்லார் சார்பிலும் கட்டியது. இளையவர் திருப்பூரில் இருந்தாலும், அக்கா செந்துறையில் இருந்தாலும், அண்ணன் வழியாக அவர்களும் நிலத்தில் இருக்கிறார்கள். ஆகவே 'நான்தான் சுவாதீனத்தில் இருந்தேன்' என்பதை மூத்தவர் மகன் எவ்வளவு ரசீது வைத்து நிரூபித்தாலும் வழக்கின் கேள்விக்கு அது விடையாகாது. எதிர்த்தரப்பு அதை மறுக்கவே இல்லையே.

இந்த விதி நம் பக்கத்து மண்ணில் ஊறியது. இலங்கையிலிருந்து பிரிவி கவுன்சிலுக்குப் போன கோரியா எதிர் அப்புஹாமி வழக்கில், 1878-இல் இறந்தவரின் சகோதரர் நிலம் முழுவதையும் நெடுங்காலம் தானே அனுபவித்தார். மற்ற வாரிசுகளின் பங்கை வாங்கியவர் வழக்குத் தொடர்ந்தபோது, கூட்டுரிமையாளர் மனதுக்குள் நினைத்துக்கொண்டதால் மட்டும் அந்தப் பொதுச் சுவாதீனம் தனிச் சுவாதீனமாகிவிடாது என்று தீர்ந்தது. இன்றும் இலங்கையில் காணிப் பங்கு வழக்குகளில் அதை எடுத்துக்காட்டுகிறார்கள். நம் உச்ச நீதிமன்றத்தில் இதற்கு அடித்தளம் பி. லட்சுமி ரெட்டி வழக்கு. 1927-இல் ஒரு சிறுவன் இறக்க, பங்காளி ஒருவர் சொத்து முழுவதையும் எடுத்துக்கொண்டார். 1941-இல் இன்னொரு பங்காளி பங்கு கேட்டார். கூட்டு வாரிசின் உரிமையை மறுத்து, அவருக்குத் தெரியும்படி, வெளிப்படையாக, தனக்கே உரியது என்று பன்னிரண்டு வருடம் அனுபவித்திருந்தால்தான் அவருடைய உரிமை போகும். வெறுமனே முழு மகசூலையும் எடுத்துக்கொண்டதால் போகாது என்று நீதிமன்றம் பங்கு கேட்டவருக்கே தீர்த்தது.

இப்போது நம் வேப்பந்தட்டைக் குடும்பத்துக்குத் திரும்புவோம். மூத்தவர் மகனுக்கு எஞ்சிய வாதங்கள் என்ன?

முதல் வாதம், பன்னிரண்டு வருடத்துக்கு மேல் ஆயிற்று, அவர்கள் பாத்தியதை போய்விட்டது என்பது. சாட்சிக் கூண்டில் ஏறும் அக்காவிடம் ஒரு கேள்விதான்: தை மாதம் அண்ணன் என்ன கொடுத்தார்? "பொங்கலுக்குப் பொங்கல் ஒரு மூட்டை சோளம் அனுப்புவார். வெங்காயம் போட்ட வருசம் வெங்காயம்" என்பார். அந்த ஒரு மூட்டையோடு முதல் வாதம் முடிந்தது. அண்ணன் தங்கையின் பங்கை மறுத்தவர் இல்லை. மறுக்காத வரை பன்னிரண்டு வருடக் கணக்கு தொடங்கவே இல்லை. பட்டா மாறிய நாளிலிருந்து கணக்குத் தொடங்கும் என்றால், அந்த மாற்றம் அக்காவுக்குத் தெரிந்தது என்பதற்கு நோட்டீஸ் வேண்டும், விசாரணையில் அவர் கையெழுத்து வேண்டும். தெரிந்திருந்தாலும், பட்டா மாற்றம் மட்டுமே உரிமை மறுப்பு ஆகாது. இதில் எச்சரிக்கையும் உண்டு. அண்ணன் 1990-இல் ஒரு ஏக்கரைத் தன் சொந்தம் என்று விற்று, பங்கு கேட்டுப் போன தங்கையை 'உனக்கு இதில் ஒன்றுமில்லை' என்று ஊர்ப் பஞ்சாயத்தில் வைத்துத் திருப்பி அனுப்பி, அதற்கு அப்புறம் தங்கை இருபது வருடம் வாய் திறக்கவில்லை என்றால் கதை வேறு. அங்கே கணக்குத் தொடங்கிவிட்டது.

இரண்டாவது வாதம், எல்லாரும் சம்மதித்துத்தான் பட்டா அவர் பேருக்கு வந்தது என்பது. ஒரு வெள்ளைத்தாளில் அக்காமார் கைரேகை வைத்த சம்மதக் கடிதத்தைக் காட்டுவார்கள். பட்டா யார் பெயரில் இருக்கட்டும் என்பதற்கு அது சம்மதமாக இருக்கலாம். பங்கை விட்டுக்கொடுத்ததற்கு அது ஆதாரம் ஆகாது. நூறு ரூபாய்க்கு மேற்பட்ட அசையாச் சொத்தின் உரிமையை விடுவதற்கு முத்திரைத்தாளில் எழுதிப் பதிவு செய்த விடுதலைப் பத்திரம் வேண்டும். கலியாணத்தில் நகை போட்டோம், சீர் செய்தோம் என்பதும் இதே கதைதான். சீர் கொடுத்ததால் மகளின் வாரிசுப் பங்கு தீர்ந்துபோனதாகச் சட்டத்தில் எங்கும் இல்லை. அந்த வாதத்தை இன்றும் படித்தவர்களே சொல்வது எனக்கு வருத்தம் தருகிறது.

மூன்றாவது வாதத்தில்தான் வருவாய்ப் பதிவுக்கு உண்மையான வலு இருக்கிறது. வாய்மொழிப் பாகப்பிரிவினை ஆகிவிட்டது என்பது அது. நம் ஊரில் பெரியவர்களை வைத்துப் பிரித்துக்கொண்டு கூர்ச்சீட்டு எழுதி வைத்துக்கொள்வது இன்றும் நடக்கிறது. வாய்மொழியாகப் பிரித்துக்கொள்வது இந்துக் குடும்பத்தில் செல்லும். பிரிவினை நடந்தேறிய பிறகு நினைவுக்காக எழுதிய சீட்டுக்குப் பதிவு வேண்டாம். அந்தச் சீட்டாலேயே பிரிப்பதாக எழுதியிருந்தால் பதிவு வேண்டும். இங்கே நீதிமன்றம் பார்ப்பது பிறகு என்ன நடந்தது என்பதை. நான்கு பேருக்கும் உட்பிரிவு ஆகித் தனித்தனிப் பட்டா வந்திருக்கிறதா? அவரவர் தனித்தனியாகக் கிஸ்தி கட்டியிருக்கிறார்களா? தனித்தனியாகச் சங்கத்தில் பயிர்க் கடன் வாங்கியிருக்கிறார்களா? இருந்தால் அந்த வருவாய்ப் பதிவுகள் பிரிவினைக்கு நல்ல சான்று. 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில், மகளின் பங்கைத் தட்டிக்கழிக்க வாய்மொழிப் பாகம் என்ற பேச்சு எளிதில் கிளம்பும் என்பதைக் கண்டு, பொது ஆவணங்களின் துணை இருந்தால்தான் அரிதாக அதை ஏற்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. நம் குடும்பத்தில் நிலைமை நேர் எதிர். ஆறு ஏக்கரும் ஒரே பட்டா, ஒரே உட்பிரிவு, ஒருவர் கட்டிய கிஸ்தி. பிரியவில்லை என்பதைத்தான் அந்தப் பதிவு காட்டுகிறது. எந்தப் பதிவை வைத்து மூத்தவர் மகன் தனியுரிமை கேட்டாரோ அதுவே கூட்டாக இருந்ததற்குச் சாட்சியாகிறது.

வில்லங்கச் சான்றைப் பற்றி ஒரு வார்த்தை. வாரிசுரிமை பதிவாவதில்லை. ஆகவே 1983-க்குப் பிறகு எத்தனை வருடத்துக்கு வில்லங்கம் போட்டாலும் அக்காமாரின் பங்கு அதில் தெரியாது. வாங்க வருகிறவர் பட்டாவும் வில்லங்கமும் சுத்தமாக இருக்கிறது என்று முன்பணம் கொடுத்துவிடுகிறார். கூட்டுரிமையாளர் ஒருவரிடம் வாங்கியவருக்குக் கிடைப்பது அவருடைய பங்கு மட்டுமே. இந்த வழக்கில் ஆறு ஏக்கருக்குப் பணம் கொடுத்தவருக்கு ஒன்றரை ஏக்கர்தான் உறுதி. இறப்பு எப்போது, பிள்ளைகள் எத்தனை பேர், மகள்கள் எங்கே என்று ஊரில் நாலு பேரை விசாரிப்பதற்கு ஈடான சான்று எந்த இணையதளத்திலும் இறக்க முடியாது. பழைய பத்திரம் தேடுகிறவர்கள் இன்னொன்றை நினைவில் வைக்க வேண்டும். பெரம்பலூர் 1995-இல் திருச்சியிலிருந்து பிரிந்தது. அரியலூர் 2001-இல் மாவட்டமாகி, 2002-இல் மீண்டும் பெரம்பலூரோடு சேர்ந்து, 2007 நவம்பரில் திரும்பவும் தனி மாவட்டமானது. பழைய செட்டில்மென்ட் பதிவேடுகளுக்குத் திருச்சிக்கும் ஒரு நடை போக வேண்டியிருக்கும்.

மலேசியாவில் உறவினர் இருப்பவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே 1965-ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டப்படி பதிவேட்டில் இருக்கும் பெயருக்கே உரிமை. மோசடி போன்ற சில காரணங்கள் இருந்தாலொழிய அதை அசைக்க முடியாது.  நம் பட்டாவையும் அங்குள்ள நில உரிமைச் சான்றையும் ஒன்றாக நினைத்து, 'பேர் அண்ணன் மேல் போய்விட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது' என்று கைவிட்ட பெண்கள் இருக்கிறார்கள். இங்கே அப்படி இல்லை.

நிலத்தைச் சர்க்கார் எடுக்கும்போதும் இந்த வேறுபாடு வந்து நிற்கும். ஜெயங்கொண்டம் பழுப்பு நிலக்கரித் திட்டத்துக்கு நிலம் எடுத்த ஊர்களில் இழப்பீட்டு வழக்குகள் வருடக்கணக்கில் நடந்ததை நீங்கள் அறிவீர்கள். பட்டாதாரர் பெயருக்குத்தான் நோட்டீஸ் வரும். ஆனால் பங்குத் தகராறு இருக்கிறது என்று விசாரணையில் எழுத்து மூலம் சொல்லிவிட்டால், தொகையை அவரிடம் கொடுக்காமல் தீர்ப்புக்காகச் செலுத்திவைக்க வேண்டும் என்று 1894-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இருந்தது, 2013-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இருக்கிறது. ஒருவர் முழுவதையும் வாங்கிவிட்டாலும், உரியவருக்குக் கொடுக்க வேண்டிய கடமை அவரை விட்டுப் போவதில்லை. சொல்ல வேண்டிய நாளில் சொல்லாததால்தான் பலர் பின்னால் அலைகிறார்கள்.

வழக்கு என்று போனால் அதுவும் சில படிகளில்தான் நடக்கும். பாகப்பிரிவினை வழக்கு, எல்லா வாரிசும் கட்சிக்காரராக வர வேண்டும், எல்லாச் சொத்தும் அட்டவணையில் வர வேண்டும். நீதிமன்றக் கட்டணம் கூடச் சுவாதீனத்தைப் பொறுத்தது. 1955-ஆம் ஆண்டு நீதிமன்றக் கட்டணச் சட்டத்தின் 37-ஆம் பிரிவுப்படி, கூட்டுச் சுவாதீனத்தில் இருக்கிறேன் என்று கேட்பவருக்குச் சிறிய நிலைக்கட்டணம். வெளியேற்றப்பட்டவர் தன் பங்கின் சந்தை மதிப்புக்குக் கட்டணம் கட்ட வேண்டும். 'அண்ணன் என்னை நிலத்தில் விடவில்லை' என்று கோபத்தில் பிராதில் எழுதிவிட்டு, அப்புறம் கூட்டுச் சுவாதீனம் என்று சொன்னால் எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொள்ளும். கட்டணமும் கூடும், பன்னிரண்டு வருட வாதத்துக்கும் இடம் கிடைக்கும். முதலில் பங்கு எவ்வளவு என்று முதனிலைத் தீர்ப்பாணை. பிறகு ஆணையர் நிலத்துக்கு வந்து, கிணறு யாருக்கு, வண்டிப் பாதை எங்கே என்று அளந்து பிரித்த பின் இறுதித் தீர்ப்பாணை. அது முத்திரைத்தாளில் ஏறிய பிறகு அதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் தாசில்தார் உட்பிரிவு செய்து தனிப் பட்டா தருவார். நீதிமன்றம் முன்னால், பட்டா பின்னால்; பலர் வரிசையை மாற்றிக்கொண்டு தாசில்தார், கோட்டாட்சியர், மாவட்ட வருவாய் அலுவலர் என்று மேல்முறையீட்டிலேயே ஐந்தாறு வருடத்தைத் தொலைக்கிறார்கள். அங்கே ஜெயித்தாலும் உரிமை தீராது.

இந்த மாவட்டங்களில் வழக்கு நடத்துகிறவன் என்ற முறையில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். கூட்டுரிமை விதியால் பெரும்பாலும் காப்பாற்றப்படுகிறவர்கள் பெண்கள். பட்டாவும் ரசீதும் உரிமையைத் தீர்த்துவிடும் என்று ஒரு நாள் சட்டம் வந்தால், கட்டிக்கொடுத்துப் போன மகள்கள் அன்றே எல்லாவற்றையும் இழப்பார்கள். நம் பட்டாக்களில் அவர்கள் பெயர் அவ்வளவு குறைவு. அருணாசலக் கவுண்டர் எதிர் பொன்னுசாமி வழக்கில், 1956-க்கு முன் இறந்த தகப்பனின் சொந்தச் சொத்திலும், மகன் இல்லாதபோது மகளுக்கு வாரிசுரிமை உண்டு என்று 2022 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த வழக்கு முதலில் தாக்கலானது 1991-இல். முப்பது வருடம் ஒரு குடும்பம் காத்திருக்க வேண்டியதாயிற்று.

ஆகவே இங்கே இருக்கும் எல்லாரிடமும் ஒரு வேண்டுகோள். வீட்டில் ஒரு பெரியவர் காலமாகிப் பட்டா மாற்றத்துக்கு மனுக் கொடுக்கும்போது, வாரிசுச் சான்றில் உள்ள எல்லாப் பெயரையும், மகள்கள் பெயரையும் சேர்த்து, கூட்டுப் பட்டாவாகக் கேளுங்கள். பிரித்துக்கொள்வதானால் உட்கார்ந்து பேசிப் பாகப்பிரிவினைப் பத்திரமாகவே பதிவு செய்யுங்கள். யாராவது பங்கை விட்டுக்கொடுப்பதானால் விடுதலைப் பத்திரம் எழுதுங்கள், வெள்ளைத்தாளில் கைரேகை வாங்காதீர்கள். கிராம நிர்வாக அலுவலர்களாக இருக்கும் தம்பி தங்கைகளே, வாரிசு விசாரணைக்குப் போகும் வீட்டில், கட்டிக்கொடுத்த பெண் பிள்ளைகள் எந்த ஊரில் இருக்கிறார்கள் என்று கேட்டு அந்தப் பெயர்களையும் அறிக்கையில் எழுதுங்கள்.